அந்தரத்தில் ஒரு தொட்டில்

ரமணாவுக்கு எந்தப் பொருளும் தரையில் இருக்கக் கூடாது. செருப்பானாலும் சரி, ஊறுகாய் பாட்டிலானாலும் சரி, அந்தரத்தில் மிதக்க வேண்டும். கீழே பஞ்சு மாதிரி ஒரு நிழல். நிழலைச் சுற்றி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி கொஞ்சம் வெளிச்சம். திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில், ஒரு டிபன் கடையின் மாடியில் இருந்தது அவருடைய ஸ்டுடியோ. இணையத்தில் கடை போட்டவர்கள் பொருளைக் கொண்டுவந்து தருவார்கள். படம் எடுத்து, மிதக்கவிட்டு, திருப்பிக் கொடுப்பார். மனிதர் மிதக்க வைப்பதாகச் சொல்லிக்கொள்வாரே தவிர, உண்மையில் மிதக்க வைத்தவள் அவரிடம் வேலை செய்த கல்பனா.

அது சும்மா வரும் வேலை இல்லை. பொருளை வெட்டி எடுத்து மேலே தூக்கிவைத்தால் மிதந்துவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். மிதக்காது, ஒட்டவைத்த மாதிரி நிற்கும். ஒரு பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொருள் சொல்வதில்லை, நிழல்தான் சொல்கிறது. தரைக்கு அருகில் இருந்தால் நிழல் சின்னதாக, அடர்த்தியாக, ஓரம் தெளிவாக இருக்கும். மேலே போகப் போக அது விரியும், வெளுக்கும், ஓரம் கரையும். வெளிச்சம் இடது மேல்பக்கத்திலிருந்து வந்தால் நிழல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விழ வேண்டும். அதற்குச் சுத்தக் கறுப்பு ஆகாது. தரையின் நிறத்தையே எடுத்து இருட்டாக்க வேண்டும். அடியில் போடும் ஒளியைப் பொருளின் நிறத்திலிருந்தே எடுத்து, நன்றாகக் கலைத்து, பார்க்கிறவன் கவனிக்காத அளவுக்குக் குறைக்க வேண்டும். அந்த ஒளி பொருளின் அடிப்பக்கத்திலும் லேசாக ஏற வேண்டும். இவ்வளவும் சரியாக வந்தால் யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். அதுதான் இந்த வேலையின் தலையெழுத்து.

தொட்டில் வந்தது ஒரு திங்கட்கிழமை. சித்தூரில் நந்திதா என்பவள் தொட்டில் பட்டறை வைத்திருந்தாள். தேக்கில் செய்த, அடியில் வளைந்த கட்டை உள்ள, காலால் தட்டினால் ஆடும் தொட்டில்கள். இணையத்தில் விற்க ஆசைப்பட்டு ஒன்றை வேனில் ஏற்றி அனுப்பியிருந்தாள்.

"ஏம்மா கல்பனா, இது படம் மட்டும் பத்தாது. ஆடணும்," என்றார் ரமணா. "இணையத்துல அவங்க கடைப் பக்கத்தைத் தொறந்தா தொட்டில் காத்துல மேல போய் கீழ வரணும், அப்டியே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடணும். நிக்கவே கூடாது. சூப்பர்கா உண்டுந்தி!"

கல்பனா தலையாட்டினாள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். அது அவளுக்கும் அவள் புருஷன் சந்துருவுக்கும் மட்டும்தான் தெரியும். ரமணாவுக்குத் தெரியாது. வீட்டில் கூடவே இருக்கும் மாமியார் கங்கம்மாளுக்கும் தெரியாது.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் உண்டானது தெரிந்த உடனே தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார்கள். நான்காம் மாதம் கலைந்துபோனது. அதன்பிறகு கங்கம்மாள் காரணம் தேடத் தொடங்கினாள். வெதுருகுப்பத்தில் அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் போனாயே, குண்டும் குழியுமான ரோடு, அதனாலா? கொடியில் துணி போடக் கையை மேலே தூக்கினாயே, அதனாலா? பப்பாளி துன்னியா? அவள் கெட்டவள் இல்லை. அழுதுகொண்டேதான் கேட்டாள். கல்பனா ஒவ்வொன்றுக்கும் "ஆமா அத்தை" என்றாள். கேட்காத ஒன்றிரண்டையும் அவளே சேர்த்துக்கொண்டாள். குற்றம் ஒன்று கிடைத்தால் எல்லோரும் தூங்கலாம் என்று நினைத்தாள். மற்றவர்கள் தூங்கினார்கள். அவள்தான் தூங்கவில்லை.

தொட்டிலைப் படம் எடுத்தது சுலபம். சாம்பல் நிறத் தாள் சுற்றிய ஸ்டூல்மேல் உயர்த்தி வைத்து, அடிப்பக்கத்தில் வெளிச்சம் படும்படி கீழே வெள்ளைத் தெர்மகோல் போட்டு எடுத்தார்கள். பிறகு கணினியில் ஸ்டூலை அழித்தாள். வளைந்த அடிக்கட்டையின் உருவத்தையே எடுத்து, தட்டையாக்கி, கலைத்து நிழலாக்கினாள். தேக்கின் தேன் நிறத்தில் ஒளி போட்டாள். அடுத்து ஆட்டம். தொட்டில் மேலே போகும்போது நிழல் விரிந்து வெளுக்க வேண்டும், ஒளியும் மங்க வேண்டும். கீழே வரும்போது இரண்டும் திரும்பி வர வேண்டும். தொட்டில் சாயும் பக்கம் நிழலும் சாய வேண்டும். கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ கண் கண்டுபிடித்துவிடும். செவ்வாய்க்கிழமை முழுக்க அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஓரங்களும் நிறங்களும்தான். நன்றாக வந்திருந்தது. இவ்வளவு நாள் செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்தது என்று அவளுக்கே கொஞ்சம் கர்வம்.

புதன்கிழமை நந்திதா பார்க்க வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பெரிய பை, கையில் இரண்டு போன். ரமணா பெரிய திரையைத் திருப்பி ஓடவிட்டார். இருண்ட தரைக்குமேல் தொட்டில் எழும்பியது, சாய்ந்தது, இறங்கியது. அடியில் நிழல் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கியது.

நந்திதா உட்காரக்கூட இல்லை.

"நிறுத்துங்க," என்றாள். "மொதல்ல அத்த நிறுத்துங்க."

ரமணா புரியாமல் பார்த்தார். "நிழல் சரியில்லியா?"

"நிழல் கிடக்கட்டும் சார். உள்ள ஒண்ணும் இல்ல. காலித் தொட்டில யாராச்சும் ஆட்டுவாங்களா? பொம்பளைங்க பாத்தா போன தூக்கிப் போட்டுட்டு ஓடுவாங்க. யாரு செஞ்சது இது?"

"நான்தான் மேடம்," என்றாள் கல்பனா.

"நீ தமிழ்ப் பொண்ணுதானே? உனக்குத் தெரியாது? காலித் தொட்டில ஆட்டினா பொறக்கப்போற கொழந்தைக்கு ஆகாதுன்னு உங்க வீட்ல சொல்ல மாட்டாங்க?"

சொல்வார்கள். தமிழ் வீட்டிலும் சொல்வார்கள், தெலுங்கு வீட்டிலும் சொல்வார்கள். சின்ன வயதில் அத்தை வீட்டுக் காலித் தொட்டிலை விளையாட்டாகத் தள்ளியதற்கு முதுகில் வாங்கியிருக்கிறாள். அப்படி இருந்தும் நேற்று முழுக்க அவளுக்கு அது நினைவுக்கே வரவில்லை. திரையில் இருந்தது தொட்டில் என்றே அவள் நினைக்கவில்லை. மரத்தில் ஒரு பொருள், அதற்கு ஒரு நிழல், அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் போட்டாள். எத்தனை தடவை ஆடியிருக்கும்? நிழலைத் திருத்தும்போதெல்லாம் ஆடியது. சாப்பிடப் போனபோது நிறுத்தாமலே போனாள், ஆளில்லாத அறையிலும் அது ஆடிக்கொண்டிருந்தது. அவள் மெதுவாகக் கையை நீட்டி, ஓட்டத்தை நிறுத்தினாள். தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்தபடி அந்தரத்திலேயே நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது.

நந்திதா கோபமாகத்தான் இறங்கிப் போனாள். ரமணா தலையைச் சொறிந்தார்.

"இதுக்கு என்ன இப்ப? இணையத்துல ஒரு கொழந்த படம் எடுத்து உள்ள வச்சிடு. அயிப்போயிந்தி, வேல முடிஞ்சிது."

வைத்துப் பார்த்தாள். குழந்தைக்கு வெளிச்சம் வலப்பக்கமிருந்து, தொட்டிலுக்கு இடப்பக்கமிருந்து. எப்படித் திருப்பினாலும் மெத்தையில் படியாமல் அந்தக் குழந்தை தனியாக மிதந்தது. யார் பெற்ற பிள்ளையோ, கண்ணை மூடிக்கொண்டு மிதந்தது. கல்பனாவால் அதைப் பார்க்க முடியவில்லை. அழித்துவிட்டு, "ஒட்டல சார்," என்றாள். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் சந்துருவிடம் சொன்னாள். அவன் மொபைல் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் கிண்டல் பண்ணுகிற ஆள். அன்றும் சிரித்தான்.

"கம்ப்யூட்டர்ல ஆடினதெல்லாம் ஒரு ஆட்டமா? அது வெறும் படம். போய்த் துன்னு."

கல்பனா சோற்றில் கை வைத்தாள். அவனும் சாப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"எவ்ளோ நேரம் ஆடிக்கினு இருந்துச்சி?"

அவள் தட்டை நகர்த்திவைத்தாள். கூடத்திலிருந்து கங்கம்மாள், "ஏன் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கினு கீறீங்க?" என்று குரல் கொடுத்தாள். ஒன்றுமில்லை என்றார்கள்.

மறுநாள் நந்திதா போன் செய்தாள். கோபம் ஆறியிருந்தது. "தொட்டில திருப்பி அனுப்புங்க. கூடவே கேமராவ எடுத்துக்கினு நீயே வா. இங்க தொட்டிலுக்குள்ள குழவிய வச்சுத் தர்றேன், படம் எடுத்துக்கோ."

என்ன சொல்கிறாள் என்று கல்பனாவுக்கு உடனே புரிந்தது. பேர் வைக்கிற நாளில் குழந்தையை நேராகத் தொட்டிலில் போட மாட்டார்கள். அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, துணி சுற்றி, அதைத்தான் முதலில் படுக்கவைப்பார்கள். கல்லைப்போல் உறுதியாக இருக்கட்டும் என்று. அதற்கு அப்புறம்தான் பிள்ளை.

தொட்டில் வேனில் போனது. அவள் அன்றே சித்தூருக்கு பஸ் பிடித்தாள். குலுங்குகிற ஒவ்வொரு இடத்திலும் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தூக்கி உட்கார்ந்தாள். நடத்துநர்கூட ஒரு மாதிரி பார்த்தான். வழியில் புத்தலப்பட்டு தாண்டும்போது, இதையும் யாராவது ஒருநாள் கேட்பார்கள், அன்றைக்குச் சித்தூருக்கு பஸ்ஸில் போனாயே என்று கேட்பார்கள் என்று தோன்றியது. பதிலைக்கூட இப்போதே தயார் பண்ணிக்கொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பட்டறை தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. தச்சர் நாகையா இழைப்புளியை ஓரம் வைத்துவிட்டு, தொட்டிலை ஸ்டூல்மேல் ஏற்ற உதவினார். நந்திதா குழவியைக் கொண்டுவந்தாள். வெள்ளைத் துணி சுற்றி, சின்னப் போர்வை போர்த்தி, மெத்தையின் நடுவில் வைத்தாள். கல் என்று தெரியவே இல்லை. மெத்தை நடுவில் பதிந்தது, போர்வை ஒரு பக்கம் இழுபட்டது. உள்ளே யாரோ இருக்கிற கனம் வந்துவிட்டது.

கல்பனா முன்பு போலவே இடது மேல்பக்கம் விளக்கை வைத்து, கீழே தெர்மகோல் போட்டு, குனிந்து படம் எடுத்தாள். வேலையில் கை ஓடியதும் மனசு கொஞ்சம் அடங்கியது. கேமராவைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தாள்.

நந்திதா போனில் யாருடனோ தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாலீஷ் போட்டு வைத்திருந்த புதுத் தொட்டில் ஒன்று. அவள் வலது கால் அதன் அடிக்கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தது. தொட்டில் ஆடியது. உள்ளே மெத்தைகூட இல்லை. வெறும் மரம்.

போன் முடிந்தபிறகும் கால் நிற்கவில்லை.

"மேடம்," என்றாள் கல்பனா. "காலித் தொட்டில்."

நந்திதா குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்ததுபோல் சிரித்தாள்.

"அட, இதுவா? ஆட்டிப் பாக்கலன்னா கிரீச்சுன்னு சத்தம் வருதா, ஒரு பக்கம் இழுக்குதான்னு எப்டித் தெரியும்? நாகையா ஒருநாளைக்கு எத்தினி ஆட்டறாரு கேளு."

"அன்னைக்கு என்னை அப்டிக் கேட்டீங்களே."

"அது வியாபாரம்மா. வாங்கறவங்க கண்ணுல படக் கூடாது. பட்டறைக்குள்ள அதையெல்லாம் பாத்தா நாங்க பொழைக்கறதா?"

கல்பனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் போகிற போக்கில் சொன்ன ஒரு பேச்சை அவள் நேற்றிலிருந்து வயிற்றில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உங்களுக்குப் பசங்க?"

"ரெண்டு. ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க. பெரியவன் வயித்துல இருக்கும்போது நான்தான் எல்லாத்தையும் ஆட்டிப் பாப்பேன், அப்ப நாகையா இல்ல. அவன் இப்ப என்னையே ஆட்டி வைக்கிறான்." மறுபடி சிரித்தாள். பிறகு கல்பனாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கல்பனா பையைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பயத்துக்கு இருந்த காரணம்தான் போனது, பயம் போகவில்லை. காரணம் இருந்தவரைக்கும் அதைத் திட்டலாம், அதற்குப் பரிகாரம் தேடலாம். இப்போது வெறும் பயம்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தது.

அடுத்த இரண்டு நாளும் தொட்டிலை மறுபடி மிதக்கவிட்டாள். பழைய ஆட்டம் இதற்குப் பொருந்தவில்லை. காலியாக இருந்தபோது காகிதம் மாதிரி எழும்பியது. கனம் உள்ள பொருள் அப்படி எழும்பாது. உயரத்தைக் குறைத்தாள், வேகத்தைப் பாதியாக்கினாள். உயரம் குறைந்ததால் நிழலின் நடுப்பகுதி அடர்ந்து, ஓரம் இன்னும் கொஞ்சம் தெளிந்தது. தேன் நிற ஒளியைத் தரையோடு தரையாகப் பரப்பி, தொட்டிலின் அடியில் ஒரு கோடு மாத்திரம் ஏற்றினாள். மேலும் கீழும் போவது உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. யாரோ தூங்குகிறார்கள், எழுப்பக் கூடாது என்கிற மாதிரி அது மிதந்தது.

நந்திதா பார்த்துவிட்டு, "இதான்," என்று ஒரே வார்த்தை அனுப்பினாள். ரமணா திரையின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "லோப்பல நிஜமாவே பாப்பா உந்தி," என்றார். உள்ளே நிஜமாகவே பாப்பா இருக்கிறதாம். கல்பனா சிரித்தாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியில் ரத்தம் பட்டது.

இனி மறைக்க வழியில்லை. ஆட்டோவில் கங்கம்மாளும் ஏறிக்கொண்டாள். என்ன, ஏது என்று பாதி வழியில்தான் அவளுக்குத் தெரிந்தது. எனக்குக்கூடச் சொல்லவில்லையே என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, துடிப்பு இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஓய்வில் இருந்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றார். நிற்குமா என்று சந்துரு கேட்டான். பார்க்கலாம் என்றார். அதற்குமேல் அவரிடமும் ஒன்றும் இல்லை.

மருந்து வாங்கும் இடத்தில் கூட்டம். சுவரோரம் இருந்த பெஞ்சில் கல்பனாவை உட்காரவைத்தார்கள். கங்கம்மாள் எதிரில் நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்ததும் கேள்வி வந்தது.

"என்னாடி பண்ண? பஸ்ல எங்கியாச்சும் போனியா? எத்தயாவது தூக்கினியா?"

கல்பனாவின் நாக்கு நுனியில் பழைய பதில் வந்து நின்றது. இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டால் எல்லாம் அடங்கும். அத்தை அழுவாள், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

"அம்மா," என்றான் சந்துரு. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆபீஸ்ல ஒரு தொட்டிலு, காலித் தொட்டிலு. அத்த நாள் பூரா ஆட்டிக்கினு இருந்தாளாம்."

கங்கம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

கல்பனா புருஷனைப் பார்த்தாள். அவன் கெட்டவன் இல்லை, பயந்திருந்தான். அவனுக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. கிடைத்ததை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டான். அவள் அவனுக்காகப் பரிதாபப்பட்டாள். அதைவிட அதிகமாக அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"ஆமா அத்தை, ஆட்டினேன்," என்றாள். "சித்தூருக்கு பஸ்ல போனேன். குனிஞ்சி படம் எடுத்தேன். எல்லாம் பண்ணேன், அது என் வேல. அதனால இல்ல."

"அதனால இல்லியா? வேற எதனாலடி?"

"அதனால இல்ல. போன வாட்டியும் பஸ்ஸால இல்ல, கொடியால இல்ல. நீங்க கேட்டீங்கன்னு ஆமான்னு சொன்னேன். பொய் சொன்னேன். நான் ஒண்ணும் பண்ணல அத்தை. அந்தக் கொழந்தைய நான் ஒண்ணுமே பண்ணல."

குரல் உயர்ந்துவிட்டது. மருந்துக்கு நின்ற வரிசை திரும்பிப் பார்த்தது. சந்துரு அவள் தோளைத் தொட வந்தான். அவள் தள்ளிவிட்டாள். அவன் மருந்து வரிசையில் போய் நின்றான். ஒரு வருஷமாக உள்ளே இருந்தது வெளியே வந்து விழுந்துவிட்டது, இனி யார் பார்த்தால் என்ன?

கங்கம்மாள் கத்தப் போகிறாள் என்று நினைத்தாள். கத்தவில்லை. மெதுவாக வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ யாரைத்தான்டி நான் கேக்கறது?" என்றாள். குரல் உடைந்து, சின்னப் பிள்ளை கேட்பதுபோல் இருந்தது.

"தெரியல அத்தை," என்றாள் கல்பனா.

கங்கம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. கல்பனாவும் நகரவில்லை. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று தெரியாத இரண்டு பேராக, சந்துரு மருந்து வாங்கிக்கொண்டு வரும்வரை அந்த பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.